பலியிடக் கேட்கப்பட்ட மகன் யார்? சமய மேடைப் பேச்சாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஹஜ்ஜுப் பெருநாள் மேடைகளிலும், ஞாயிறு மறைக்கல்வி வகுப்புகளிலும், சமய விவாத அரங்குகளிலும் ஆபிரகாம் என்கிற இப்ராஹீமின் கதையை எடுத்துரைக்கும் பெரியோர்களுக்கு,

வணக்கம்.

தந்தை ஒருவரிடம் அவருடைய மகனையே இறைவன் பலியாகக் கேட்ட கதையை நீங்கள் சொல்லும்போது, இரண்டு வாக்கியங்கள் திரும்பத் திரும்பக் காதில் விழுகின்றன. "இஸ்மாயீலைத்தான் பலியிடச் சொன்னதாகக் குர்ஆன் பெயர் சொல்லிக் கூறுகிறது" என்பது ஒன்று. "ஈசாக்கின் பெயரை முகம்மது நபி மாற்றிவிட்டார்" என்பது மற்றொன்று. இரண்டுமே மூல நூல்களில் இல்லாத செய்திகள். இவற்றைத் திருத்திக்கொள்ளுமாறு கேட்கவே இம்மடலை எழுதுகிறேன். பைபிளில் இஸ்மவேல், ஈசாக்கு என்று வரும் மகன்களே குர்ஆனில் இஸ்மாயீல், இஸ்ஹாக் என்று வருகிறார்கள்.

யூதர்களின் வேதமான தோராவில் ஐயத்துக்கு இடமில்லை. அதன் முதல் நூலான ஆதியாகமம் 22ஆம் அதிகாரத்தின் இரண்டாம் வசனம், "உன் புத்திரனும் உன் ஏகசுதனும் உன் நேசகுமாரனுமாகிய ஈசாக்கை" மோரியா தேசத்துக்கு அழைத்துச் சென்று தகனபலியாகச் செலுத்தும்படி கூறுகிறது. எபிரேய மூலம், பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு, சமாரியரின் தோரா ஆகிய மூன்றிலும் இவ்விடத்தில் ஈசாக்கின் பெயரே உள்ளது. பலி நடந்த மலை எது என்பதில் சமாரியர்கள் யூதர்களோடு உடன்படுவதில்லை; கெரிசீம் மலையே அது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆனாலும் மகன் யார் என்பதில் அவர்களுக்கும் வழக்கில்லை.

குர்ஆனில் இக்கதை 37ஆம் அத்தியாயமான அஸ்ஸாஃப்பாத்தில் வருகிறது. நல்லொழுக்கமுள்ள பிள்ளை வேண்டும் என்று இப்ராஹீம் வேண்டுகிறார். பொறுமைமிக்க ஒரு மகன் பிறப்பான் என்ற நற்செய்தி கிடைக்கிறது. தந்தையோடு சேர்ந்து உழைக்கும் பருவத்தை அந்த மகன் எட்டியபோது கனவும் பலியும் நிகழ்கின்றன. நூறாவது வசனத்திலிருந்து 111ஆம் வசனம் வரை எங்குமே அவனுடைய பெயர் இல்லை. அதையடுத்த 112ஆம் வசனத்தில்தான் இஸ்ஹாக்கைப் பற்றிய நற்செய்தி பெயரோடு சொல்லப்படுகிறது. பலிக்குரியவர் இஸ்மாயீல் என்பது இந்த வசனங்களின் அடுக்கிலிருந்தும், பிற வசனங்களிலிருந்தும், மரபுச் செய்திகளிலிருந்தும் அறிஞர்கள் வந்தடைந்த முடிவு. பெயர் சொல்லும் வசனம் எதுவும் கிடையாது.

இந்த முடிவும் தொடக்கத்திலேயே ஒருமனதாக எட்டப்பட்டதன்று. இஸ்லாத்தின் முதல் தலைமுறைகளில் கருத்து இரண்டாகப் பிரிந்திருந்தது. நபித்தோழர் இப்னு அப்பாஸின் பெயரிலேயே இரு தரப்புக்கும் அறிவிப்புகள் உள்ளன. 923இல் மறைந்த அறிஞர் தபரீ, தமது பெரும் குர்ஆன் விரிவுரையில் இரு தரப்பு அறிவிப்புகளையும் வரிசையாகத் தந்துவிட்டு, தம் தீர்ப்பாக இஸ்ஹாக்கையே தேர்ந்தார். குர்ஆனில் இப்ராஹீமுக்கு மகன் பிறப்பான் என்ற நற்செய்தி பெயரோடு வரும் இடங்களில் அந்தப் பெயர் இஸ்ஹாக்தான். ஆகவே பெயரில்லாத இந்த நற்செய்தியும் அவரையே குறிக்கும் என்பது அவர் வாதம். அப்படியானால் 112ஆம் வசனத்தில் மறுபடியும் ஒரு நற்செய்தி ஏன் என்று கேட்டால், முதலாவது மகனின் பிறப்பைப் பற்றியது, இரண்டாவது அதே மகன் இறைத்தூதராவதைப் பற்றியது என்று அவர் தரப்பு விடை சொல்கிறது.

எதிர்த் தரப்பின் வலுவான ஆதாரம் 11ஆம் அத்தியாயத்தின் 71ஆம் வசனத்தில் இருக்கிறது. இஸ்ஹாக் பிறப்பார், அவருக்குப் பின் யஅகூப் வருவார் என்று இப்ராஹீமின் மனைவிக்கு அங்கே வாக்களிக்கப்படுகிறது. பேரன் பிறப்பான் என்று முன்கூட்டியே அறிந்துவிட்ட தந்தைக்கு, அந்தப் பேரனின் தந்தையைப் பலியிடும் கட்டளை எப்படிச் சோதனையாகும்? இதற்கு, கட்டளை வந்த காலத்தில் யஅகூப் பிறந்துவிட்டிருக்கக்கூடும் என்கிறார் தபரீ. ஆட்டுக்கடாவின் கொம்புகள் கஅபாவில் தொங்கின என்ற செய்தியைக் காட்டி நிகழ்ச்சி மக்காவில்தான் நடந்தது என்போருக்கு, அக்கொம்புகள் சிரியா நிலப்பகுதியான ஷாமிலிருந்து கொண்டுவரப்பட்டிருக்கலாம் என்று மறுமொழி தருகிறார். யஅகூபைப் பற்றிய அவரது விடை எனக்குச் சற்று இழுத்துப் பிடித்ததாகவே தோன்றுகிறது. பலிக்கதை முடிந்த பிறகு இஸ்ஹாக் புதியவராக அறிமுகமாவதுபோல் அமைந்திருக்கும் வசன அடுக்கும் இஸ்மாயீல் பக்கமே சாய்கிறது என்பது என் வாசிப்பு. ஆயினும் தபரீயைப் போன்ற ஒருவர் மறுபக்கம் நின்றார் என்பதைக் கேட்பவர்களிடம் மறைப்பது நேர்மையாகாது.

1373இல் மறைந்த குர்ஆன் விரிவுரையாளர் இப்னு கதீர் இஸ்மாயீலுக்காக வாதிட்டபோது தோராவையே சாட்சிக்கு அழைத்தார். ஆதியாகமத்தின்படி இஸ்மவேல் பிறந்தபோது ஆபிரகாமுக்கு 86 வயது; ஈசாக்கு பிறந்தபோது 100 வயது. ஈசாக்கு ஒருநாளும் ஒரே மகனாக இருந்ததில்லை. முதல் 14 ஆண்டுகள் இஸ்மவேலே ஒரே மகன். எனவே "ஏகசுதன்" என்ற சொல் இஸ்மவேலுக்கே பொருந்தும், ஈசாக்கின் பெயர் பின்னர் நுழைக்கப்பட்டது என்றார் அவர். கணக்கு சரிதான். ஆனால் இதற்கு முந்தைய அதிகாரத்திலேயே இஸ்மவேலும் அவர் தாய் ஆகாரும் வீட்டைவிட்டு அனுப்பப்பட்டுவிட்டார்கள் என்பதையும், பெயர் மாறியுள்ள பிரதி எதுவும் கைக்கு வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த வாதத்தின் எல்லை விளங்கும்.

யூத அறிஞர்களும் இந்த இடறலைக் கண்டவர்களே. அவர்களுடைய பழைய விளக்க மரபு அந்த வசனத்தை ஓர் உரையாடலாகவே விரிக்கிறது. "உன் மகனை" என்கிறார் இறைவன். "எனக்கு இரண்டு மகன்கள்" என்கிறார் ஆபிரகாம். "உன் ஒரே மகனை" என்றதும், "இவன் தன் தாய்க்கு ஒரே மகன், அவனும் தன் தாய்க்கு ஒரே மகன்" என்று மறுமொழி வருகிறது. "நீ நேசிப்பவனை" என்றபோது, "இருவரையும் நேசிக்கிறேன்" என்கிறார். அதன் பின்னரே "ஈசாக்கை" என்ற பெயர் உச்சரிக்கப்படுகிறது. இஸ்மவேலை மறந்துவிடாத ஒரு தந்தையை யூத மரபே காட்டுகிறது என்பதை நம் விவாத அரங்குகளில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பெயரைப் பற்றிய வழக்கில் நேரமெல்லாம் போய்விடுவதால், இரு நூல்களும் உண்மையில் பிரியும் இடம் பேசப்படாமலே நிற்கிறது. ஆதியாகமத்தில் ஆபிரகாம் மகனிடம் எதையும் சொல்வதில்லை. மூன்றாம் நாள் இடம் தென்பட்டதும் வேலைக்காரரைக் கழுதையோடு நிறுத்திவிட்டு, விறகை மகன்மேல் வைத்து, நெருப்பையும் கத்தியையும் தாம் எடுத்துக்கொண்டு நடக்கிறார். தகனபலிக்கு ஆடு எங்கே என்று மகன் கேட்க, தேவன் பார்த்துக்கொள்வார் என்கிறார். கட்டப்பட்டபோது மகன் என்ன நினைத்தான் என்று அந்த அதிகாரம் கூறவில்லை. குர்ஆனிலோ விறகும் பயணமும் இல்லை, தந்தை தாம் கண்ட கனவை மகனிடமே சொல்லி, "உன் கருத்து என்ன?" என்று கேட்கிறார். "உங்களுக்குக் கட்டளையிடப்பட்டதைச் செய்யுங்கள், தந்தையே, இறைவன் நாடினால் என்னைப் பொறுமையாளராகக் காண்பீர்கள்" என்று மகன் விடையளிக்கிறான். அங்கே சோதனை தந்தையும் மகனும் சேர்ந்து ஏற்பது. ஆதியாகமத்தில் தந்தை தனியே சுமப்பது.

ஆகவே என் வேண்டுகோள் இது. அடுத்த முறை இக்கதையைச் சொல்லும்போது, ஆதியாகமம் 22இன் முதல் 19 வசனங்களையும், அஸ்ஸாஃப்பாத்தின் 100 முதல் 113 வரையுள்ள வசனங்களையும் முதலில் வாய்விட்டு வாசித்துவிடுங்கள். இரண்டுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம்கூட ஆகாது. இஸ்மாயீல் என்று நம்புகிறவர்கள் "எங்கள் அறிஞர்களில் பெரும்பாலோரின் முடிவு இது, தபரீ வேறு கருத்துக் கொண்டிருந்தார்" என்று சொல்லுங்கள். ஈசாக்கு என்று நம்புகிறவர்கள் "எங்கள் நூல் பெயரைச் சொல்கிறது, குர்ஆன் சொல்லவில்லை" என்று சொல்லுங்கள். அவையிலிருந்து யாராவது வசன எண் கேட்டால், இருவராலும் தயங்காமல் விடை தர முடியும்.

இங்ஙனம்,
இரு நூல்களையும் வாசிக்கும் ஒருவர்