உப்புப் பாக்கெட்டில் எழுதிய தேதி

அன்பு மகளுக்கு,

முகாமில் உப்பையும் பிரஷரையும் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகளும் தாத்தா பாட்டிகளும் சேர்ந்து இருப்பார்கள், எதில் தொடங்குவது என்று கேட்டிருந்தாய். நான் செவிலியராக வீடு வீடாகப் போன காலத்தில் உப்பைக் குறைக்கச் சொன்னால், "எங்க வீட்ல உப்பு கம்மிதான் சிஸ்டர்" என்பார்கள். பொய் இல்லை, அப்படித்தான் நம்பினார்கள். அதனால் நீ ஒரு கணக்கில் தொடங்கு.

நம் வீட்டுக் கணக்கையே சொல். அப்பாவுக்குப் பிரஷர் 152/94 வந்த மாதம், புது உப்புப் பாக்கெட்டைப் பிரித்த அன்றே அதன் மேல் பேனாவால் தேதி எழுதினேன். நாலு பேர் சாப்பிட்டு, ஒரு கிலோ 20 நாளில் தீர்ந்தது. நாளுக்கு 50 கிராம், தலைக்குப் பன்னிரண்டரை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது, பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். அப்படிப் பார்த்தால் அந்தப் பாக்கெட் 50 நாள் வந்திருக்க வேண்டும். இது தோராயம்தான். வடித்த கஞ்சியோடு கொஞ்சம் உப்பு போய்விடும்; கடை ஊறுகாய், அப்பளம், கருவாட்டு உப்பு இதில் சேராது.

அப்புறம் எங்கே போகிறது என்று பார்த்தேன். சோற்று உலையில், குழம்பில், பொரியலில், கடைசியில் தயிர்சாதத்தில் ஒரு சிட்டிகை: ஒரே சாப்பாட்டில் நாலு இடம். உலையில் போடுவதை நிறுத்தினேன், ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. தயிர்சாதத்துக்குத்தான் அப்பா மூன்று வாரம் முகம் சுளித்தார். பிறகு நாக்கு பழகிவிட்டது. அடுத்த பாக்கெட் 38 நாள் வந்தது, தலைக்கு ஆறரை.

பிள்ளைகளைப் பார்த்து, "ஊறுகாய் தின்றால் ஏன் தாகம் எடுக்கிறது?" என்று கேள். கூடுதல் உப்பைச் சிறுநீரகத்தால் உடனே வெளியேற்ற முடியாது, அதனால் உடம்பு தண்ணீர் கேட்கும். அது போகும்வரை குடித்த தண்ணீரும் உடம்பில் தங்கும், அதே குழாயில் ரத்தம் அதிகமாக ஓடும், அழுத்தம் ஏறும். பெரும்பாலும் தலைவலிகூட இருக்காது என்பதால் அளந்து பார்த்தால்தான் தெரியும். ஐந்து நிமிடம் உட்கார வைத்துவிட்டு அளக்கச் சொல். காபி குடித்துவிட்டு வந்தவரை அரை மணி நேரம் கழித்துப் பார்க்கட்டும்.

இந்துப்பு நல்லதா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். அதுவும் சோடியம்தான், பெரும்பாலும் அயோடினும் இருக்காது. சோடியம் குறைத்த உப்பில் பொட்டாசியம் சேர்ப்பார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதை வாங்கக் கூடாது. உப்பைக் குறைத்தால் பிரஷர் உள்ளவர்களுக்கு மேல் அளவு ஐந்து புள்ளி போல இறங்கலாம், அவ்வளவுதான். அப்பா இன்றும் மாத்திரை சாப்பிடுகிறார், அதையும் மறைக்காமல் சொல்.

ஒரு காலி உப்புப் பாக்கெட்டும் பேனாவும் எடுத்துப்போ. தேதியை எங்கே எழுத வேண்டும் என்று கையில் பிடித்துக் காட்டு.

அம்மா