தரவரிசைச் சீட்டை எப்படி எண்ணப் போகிறீர்கள்? எங்கள் கமக்கார அமைப்பின் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் ஐயாவுக்கும் செயலாளர், பொருளாளர், நிர்வாகக் குழு உறுப்பினர் எல்லாருக்கும் வணக்கம்.

வாய்க்கால் திருத்தம், யானை வேலி, நெல் காயப்போடும் தளம் என்ற மூன்றில் எந்த வேலையை முதலில் கேட்டு எழுதுவது என்று வருகிற பொதுக்கூட்டத்தில் வாக்கெடுக்கப் போவதாக அறிவித்திருக்கிறீர்கள். ஆளுக்கு ஒரு புள்ளடி என்று விடாமல் 1, 2, 3 என்று மூன்றையும் வரிசைப்படுத்தச் சொன்னது நல்ல முடிவு, அதை மனதார வரவேற்கிறேன். என் கவலை அடுத்த வரியில்தான் இருக்கிறது. முதலிடத்துக்கு 2 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 1, மூன்றாமிடத்துக்கு 0 என்று கூட்டி, கூடப் புள்ளி எடுத்த வேலையைத் தெரிவு செய்வோம் என்று எழுதியிருக்கிறீர்கள். இதே சீட்டுகளை வேறொரு முறையிலும் எண்ணலாம், அப்படி எண்ணினால் வேறு வேலை வெல்லலாம். எந்த முறை என்பதைச் சீட்டுப் பெட்டியைத் திறக்க முன்னமே எல்லாரும் விளங்கி ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த மற்ற முறை சோடி சோடியாக ஒப்பிடுவது. எங்கள் கரப்பந்தாட்டச் சுற்றில் ஒவ்வொரு அணியும் மற்ற எல்லா அணியோடும் மோதுவது போல, வாய்க்காலா வேலியா, வாய்க்காலா தளமா, வேலியா தளமா என்று மூன்று மோதல். ஒவ்வொரு சீட்டிலும் அந்த இரண்டில் எது மேலே இருக்கிறது என்று மட்டும் பார்க்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் தனித்தனியே பெரும்பான்மையால் வெல்கிற வேலை ஒன்று இருந்தால் அதுதான் தெரிவு.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நானே வைத்தவை, ஆரும் ஆளைத் தேட வேண்டாம். 51 சீட்டு என்று வையுங்கள்:

23 பேர்: வாய்க்கால், வேலி, தளம்
17 பேர்: வேலி, தளம், வாய்க்கால்
5 பேர்: வேலி, வாய்க்கால், தளம்
6 பேர்: தளம், வாய்க்கால், வேலி

முதலில் நீங்கள் அறிவித்த புள்ளி முறை. வாய்க்காலுக்கு 23 பேர் முதலிடம் கொடுத்ததால் 46, இரண்டாமிடம் கொடுத்த 5 பேராலும் 6 பேராலும் இன்னும் 11, மொத்தம் 57. வேலிக்கு முதலிடம் 22 பேர், அது 44, இரண்டாமிடம் 23 பேர், ஆக 67. தளத்துக்கு 12உம் 17உம் சேர்ந்து 29. மூன்றையும் கூட்டினால் 153 வர வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு சீட்டும் 3 புள்ளி கொடுக்கிறது. வருகிறது. வேலி 10 புள்ளி வித்தியாசத்தில் வெல்கிறது.

இப்போது சோடி முறை. வாய்க்காலும் வேலியும் மோதினால், முதல் 23 பேரோடு தளத்தை விரும்பிய 6 பேரும் வாய்க்காலைத்தான் மேலே போட்டிருக்கிறார்கள், ஆகவே 29க்கு 22. வாய்க்காலும் தளமும் என்றால் 28க்கு 23. வாய்க்கால் இரண்டையும் வெல்கிறது. வேலி தளத்தை 45க்கு 6 என்று அடித்து நொறுக்குகிறது, ஆனால் வாய்க்காலிடம் தோற்றுவிட்டது.

ஒரே 51 சீட்டு, இரண்டு முடிவு. எண்ணினவர் ஒருவரும் களவு செய்யவில்லை.

ஏன் இப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் ஆறுதலாகப் பார்க்க வேண்டும். வாய்க்காலை முதலில் போட்ட 23 பேரும் வேலியை இரண்டாவதாகப் போட்டு வேலிக்கு ஆளுக்கு ஒரு புள்ளி கொடுத்துவிட்டார்கள். வேலியை விரும்பிய 17 பேரோ வாய்க்காலைத் தளத்துக்கும் கீழே தள்ளி அதற்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. அந்த ஓர் இட இடைவெளி எங்கிருந்து வந்தது? தளம் பட்டியலில் இருப்பதால் வந்தது. தளத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, ஒருவரும் மனம் மாறாமல், இரண்டே வேலைக்குப் புள்ளி போடுங்கள்: வாய்க்கால் 29, வேலி 22. அதாவது புள்ளி முறையில், வெல்ல வழியே இல்லாத மூன்றாவது வேலை ஒன்று பட்டியலில் இருப்பதும் இல்லாததும் மற்ற இரண்டில் எது வெல்லும் என்பதைத் தீர்மானிக்கிறது. பட்டியலைத் தயாரிப்பது நீங்கள். நாளைக்கு முடிவு பிடிக்காத ஒருவர் "தளத்தை ஏன் உள்ளே போட்டீர்கள்?" என்று கேட்டால் உங்களிடம் மறுமொழி இருக்காது, நீங்கள் எவ்வளவு நேர்மையாக நடந்திருந்தாலும்.

புள்ளி முறைக்கு ஒரு நியாயமும் இல்லை என்று நான் சொல்லவில்லை. மேலே உள்ள கணக்கில் வாய்க்காலைக் கடைசியில் போட்டவர்கள் 17 பேர், வேலியைக் கடைசியில் போட்டவர்கள் 6 பேர்தான். காட்டோரம் இருக்கிற குடும்பங்களுக்கு, யானை வந்து விளைந்த வயலை மிதித்துவிட்டால் வாய்க்காலில் தண்ணீர் ஓடி என்ன பயன்? அந்தப் பயத்தைச் சோடி முறை காது கொடுத்துக் கேட்காது, அது மேலே கீழே என்பதை மட்டும்தான் பார்க்கிறது. புள்ளி முறை அதைக் கேட்கப் பார்க்கிறது. ஆனால் அரைகுறையாகத்தான் கேட்கிறது, ஏனென்றால் முதலாமிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் உள்ள தூரம் எல்லாருக்கும் ஒன்று என்று அது தானாகவே முடிவு கட்டிவிடுகிறது. ஒருவருக்கு அது வாழ்வா சாவா என்ற தூரமாக இருக்கும், இன்னொருவர் பேனை போன போக்கில் 1, 2 என்று எழுதியிருப்பார். சீட்டில் இரண்டும் ஒன்றுதான்.

இந்த வாதம் புதிதும் இல்லை. பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் போர்டா என்ற கணித அறிஞர் 1770இல் புள்ளி முறையை முன்வைத்தார். அதே கழகத்தைச் சேர்ந்த கொந்தோர்சே 1785இல் வெளியிட்ட நூலில் சோடிப் பெரும்பான்மைதான் சரி என்று வாதாடினார். அதற்கும் ஏறத்தாழ ஐந்நூறு வருடம் முன்னமே ரமோன் லுல் என்பவர் சோடி சோடியாக ஒப்பிட்டுத் தெரிவு செய்யும் முறையை எழுதி வைத்திருந்தார்.

எனக்குப் பெரிய பயம் வேறொன்று. எங்கள் சனத்துக்குக் கணக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். புள்ளி முறை என்று அறிவித்த உடனேயே, வாய்க்காலின் கடைசிப் பக்கம் வயல் உள்ளவர்கள் "வேலிதான் எங்களுக்குப் போட்டி, அதை ஏன் இரண்டாவதாகப் போடுவான்? தளத்தை இரண்டாவதாகப் போட்டு வேலியைக் கடைசியில் தள்ளுவம்" என்று கதைக்கத் தொடங்குவார்கள். 23 பேரில் 11 பேர் அப்படி மாற்றிப் போட்டாலே போதும், வேலி 56க்கு இறங்கிவிடும், வாய்க்கால் 57இல் வென்றுவிடும். இது மற்றப் பக்கத்துக்குத் தெரியாமல் போகுமா? அவர்களும் வாய்க்காலைக் கடைசிக்குத் தள்ளுவார்கள். 23 பேரும் வாய்க்கால், தளம், வேலி என்றும், வேலிக்காரர் 22 பேரும் வேலி, தளம், வாய்க்கால் என்றும் போட்டால் என்ன நடக்கும் தெரியுமா? வாய்க்கால் 52, வேலி 44, தளம் 57. முதலிடமாக வெறும் 6 பேர் விரும்பிய தளம் வென்றுவிடும், 28 பேர் உண்மையில் அதைக் கடைசியாகத்தான் நினைத்திருந்தாலும். தளம் வேண்டாத வேலை என்று சொல்லவில்லை, நெல்லை ரோட்டில் காயப்போடுகிறவர்களின் கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனால் ஊர் கேட்டது அதை இல்லை.

சோடி முறையிலும் இப்படி விளையாடலாம், அதை மறைக்க மாட்டேன். மேலே சொன்ன அதே பொய்ச் சீட்டுகளைச் சோடியாக எண்ணினாலும் தளம்தான் வரும். ஆனால் சோடி முறை என்று முன்கூட்டியே தெரிந்தால் வாய்க்கால்காரருக்குப் பொய் போடக் காரணமே இல்லை, அவர்கள் உண்மையாகப் போட்டாலே வெல்கிறார்கள். வேலிக்காரர் மட்டும் விளையாடினால் என்ன ஆகும் என்று பார்த்தேன். அந்த 5 பேரும் வாய்க்காலைக் கடைசிக்குத் தள்ளினால், வாய்க்கால் வேலியை 29க்கு 22 என்று வெல்லும், வேலி தளத்தை 45க்கு 6 என்று வெல்லும், தளம் வாய்க்காலை 28க்கு 23 என்று வெல்லும். வட்டமாகச் சுற்றும், எல்லாவற்றையும் வென்றது என்று ஒன்றும் இருக்காது. ஒருவரும் பொய் சொல்லாமலேயே இந்தச் சுழல் வரலாம், கொந்தோர்சே இதையும் கண்டு எழுதியிருக்கிறார். சோடி முறையின் உண்மையான பலவீனம் இதுதான்.

அதற்கு ஒரு விதியை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். சுழல் வந்தால், ஆகக் குறைந்த வித்தியாசத்தில் கிடைத்த வெற்றியைக் கழித்துவிடுவது எளிமையானது. இங்கே வித்தியாசங்கள் 7, 39, 5. தளம் வாய்க்காலை வென்ற 5 கழிகிறது, வாய்க்காலைத் தோற்கடித்த ஒன்றும் மிஞ்சவில்லை, வாய்க்கால் தெரிவாகிறது. மூன்று வேலைக்கு இந்த விதி போதும். நாலு ஐந்து வேலை வந்தால் சுழலும் சிக்கலாகும், அப்போது விதியை இன்னும் விரிவாக எழுத வேண்டி வரும்.

"சனாதிபதித் தேர்தலிலும் 1, 2, 3 போடுகிறோமே, அப்படியே செய்தால் என்ன?" என்று ஒரு குழு உறுப்பினர் கேட்டார். அது இந்த இரண்டும் இல்லாத மூன்றாவது முறை. அங்கே ஒருவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இருவரை வைத்துக்கொண்டு மற்ற எல்லாரையும் நீக்கி, நீக்கப்பட்டவர்களின் சீட்டுகளில் மட்டும் அடுத்த விருப்பத்தைப் பார்ப்பார்கள். 2024இல்தான் முதல் தடவையாக அந்த இரண்டாவது எண்ணிக்கை நடந்தது. எங்கள் உதாரணத்தில் தளம் நீங்கி அந்த 6 சீட்டும் வாய்க்காலுக்குப் போகும், முடிவு சோடி முறையோடு ஒத்து வரும். எப்போதும் ஒத்து வராது: எல்லாருக்கும் இரண்டாவதாகப் பிடித்த, ஆனால் முதலிடம் குறைவாக எடுத்த வேலை முதல் சுற்றிலேயே வெளியே போய்விடும்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். அறிவித்தலை மாற்றி, சோடி முறையில் எண்ணுவோம் என்றும், சுழல் வந்தால் ஆகக் குறைந்த வித்தியாசத்தைக் கழிப்போம் என்றும் எழுதுங்கள். இலக்கம் போடாமல் விட்ட வேலைகளை என்ன செய்வது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்: இலக்கம் போட்டது போடாததைவிட மேல், இரண்டுக்குமே போடாவிட்டால் அந்தச் சோடிக்கு அந்தச் சீட்டைக் கணக்கில் எடுப்பதில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் எண்ணும் மேசையில்தான் சண்டை வரும்.

எண்ணுவது கஷ்டம் என்று நினைக்க வேண்டாம். ஒரு தாளில் மூன்று சோடிக்கு மூன்று கட்டம் போட்டு, ஒருவர் சீட்டை வாசிக்க ஒருவர் கோடு போட வேண்டும், நாலு கோடும் குறுக்கே ஒன்றும் என்று வழக்கம் போல. எல்லாரும் மூன்றையும் நிரப்பியிருந்தால் ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு பக்கமும் கூட்டினால் சீட்டு எண்ணிக்கை வர வேண்டும். வராவிட்டால் அந்தக் கட்டத்தை மட்டும் திரும்ப எண்ணலாம். வாய்க்கால் பக்கம் ஒருவர், வேலி பக்கம் ஒருவர், தளம் பக்கம் ஒருவர் என்று மூன்று பேர் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். கட்டம் போட்ட தாள்களை நானே எழுதிக் கொண்டு வருகிறேன், கூட்டத்துக்கு முன்னம் குழுவோடு இருந்து ஒரு தடவை எண்ணிக் காட்டவும் ஆயத்தமாக இருக்கிறேன். எந்த நாள் வசதி என்று செயலாளர் அறிவித்தால் போதும்.

இப்படிக்கு,
அமைப்பின் உறுப்பினர் ஒருவர்