படிவமும் ஜொப் காட் கட்டும்

இணுவில்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது என்று அறிந்து நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். வெங்காயம் நட்டாயிற்று, மழைதான் இன்னும் விட்டபாடில்லை.

வேலைத்தலத்தில் தந்த சுயமதிப்பீட்டுப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் 5க்கு 4 போட்டுவிட்டால் என்ன என்று கேட்டிருக்கிறாய். போன மார்கழியில் நானும் அப்படித்தான் தொடங்கினேன். "பழுதுகளை இரண்டு நாளுக்குள் திருத்திக் கொடுத்தல்" என்ற வரிக்கு யோசிக்காமல் 4 போட்டேன். ஏன் அப்படித் தோன்றியது என்று பிறகுதான் விளங்கியது. மாரியில் யாரும் கிணற்றிலிருந்து இறைப்பதில்லை, அதனால் பட்டறைக்கு வரும் மோட்டர்கள் குறைவு, வந்ததெல்லாம் அன்றன்றே முடிந்துவிட்டது. சித்திரை, வைகாசியில் வாசல்வரை மோட்டர்கள் அடுக்கிக் கிடந்ததும், ஒரு புகையிலைத் தோட்டக்காரர் வந்து ஏசியதும் என் நினைவிலேயே இல்லை.

ஆகவே இரண்டு பின்னேரம் இருந்து, ஒவ்வொரு திருத்த வேலைக்கும் எழுதிவைக்கும் ஜொப் காட் கட்டுகளை மாதம் மாதமாகப் பிரித்தேன். மொத்தம் 240 வேலைகள். இரண்டு நாளுக்குள் முடிந்தவை 168, அதாவது 70 வீதம். படிவத்தின் பின்பக்கத்தில் 70 முதல் 85 வரை 3, 85க்கு மேல் 4 என்று போட்டிருக்கிறது. அந்தப் பின்பக்கத்தை முதலில் படி மச்சான், பாதிப் பேர் படிப்பதில்லை.

பிந்திய 72இல் 44, கொழும்பிலிருந்து பாகம் வரும்வரை நின்றவை. அது என் பிழையா? அவற்றைக் கழித்தால் 196இல் 168, 85 வீதத்தைத் தாண்டிவிடுகிறது. 4 கையில் வந்த மாதிரி. ஆனால் அந்த 44 காட்டையும் திரும்பப் புரட்டினால் 26இல் ஒரே பாகம்: மெக்கானிக்கல் சீல். தண்ணீரை மோட்டருக்குள் போகவிடாமல் தடுப்பது அதுதான். ஒவ்வொரு கோடையிலும் போகும் சாமான், பத்தை வாங்கி ராக்கையில் வைத்திருக்க வேண்டியவன் நான். உண்மையாக என் கையை மீறியவை 18தான். அவற்றை மட்டும் கழித்தால் 222இல் 168, கிட்டத்தட்ட 76 வீதம். 4ஐ வெட்டி 3 போட்டேன். கீழே இப்படி எழுதினேன்:

"240இல் 168 நேரத்துக்கு முடிந்தன. பிந்தியவற்றில் 26, நான் சீல் இருப்பு வைக்காததால். 18, கொழும்பில் பாகம் இல்லாததால். மிகுதி 28, கோடை நெருக்கடியில் ஆள் போதாமல். காட்டுகள் மாத வாரியாகக் கட்டி அலுமாரியில் உள்ளன."

இதற்கு எதிர்மாறாகவும் நடந்தது. "திருத்திய மோட்டர் ஒரு மாதத்துக்குள் திரும்பி வருதல்" என்ற வரிக்கு, பெருமையடிக்கக் கூடாதென்று 3 போட்டிருந்தேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது ஒரு வியாதி, குறைத்துப் போடுவதும் பொய்தான். அதற்கு முந்திய வருடம் 220இல் 22 திரும்பின, அந்த வருடம் 240இல் 12. அந்த வருடம் தை மாதம் தொடக்கம், திருத்திய மோட்டரை அரைமணி நேரம் தண்ணீர் டிரம்மில் ஓடவிட்டுப் பார்த்துத்தான் கொடுக்கிறோம், அது நான் கொண்டுவந்த ஏற்பாடு.

ஆனால் ஆடியில் நல்ல கொம்பனிச் சீலுக்கும் மாறியிருந்தோம். குறைந்தது சீலாலா, என் டிரம்மாலா? வருடத்தை இரண்டாக முறித்துப் பார்த்தேன். பழைய சீல் இருந்த முதல் 120 வேலையில் திரும்பியவை 7, புதியது வந்த பின் 120இல் 5. முந்திய வருடக் கணக்குப்படி 120க்கு 12 திரும்பியிருக்கும், ஆகவே சீல் மாறுமுன்பே பாதிக்குக் கிட்ட வந்துவிட்டது. பெரும்பங்கு டிரம்முக்கு என்று எழுதி, சீலின் பங்கையும் சொல்லி, 4 போட்டேன்.

"சக ஊழியரோடு ஒத்துழைப்பு" வரிக்கு எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. இரண்டு சம்பவத்தைத் திகதியோடு எழுதி 3 போட்டுவிட்டு நகர்ந்தேன். "இரவு பகலாக உழைத்தேன்" என்று மட்டும் எங்கேயும் எழுதாதே, அதை யாராலும் போய்ப் பார்க்க முடியாது.

சந்திப்பில் முகாமையாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "அந்த 26ஐயும் நீர் ஏன் சொன்னீர்? நான் கண்டுபிடித்திருக்க மாட்டேனே." சீல் வாங்கக் காசு கேட்கத்தான் சேர் என்றேன். சிரித்துவிட்டு அங்கேயே கையெழுத்து வைத்தார். மூன்று புள்ளியும் நான் போட்டபடியே நின்றன. எல்லா முகாமையாளரும் அப்படியில்லை என்பதும் தெரியும், ஒப்புக்கொண்ட குறையையே பிடித்து ஒரு புள்ளி குறைப்பவர்களையும் கண்டிருக்கிறேன். உன்னுடையவர் எந்த வகை என்று உனக்குத்தான் தெரியும். அப்படியானவரென்றால் குறைக்குப் பக்கத்திலேயே அதற்கு என்ன செய்தாய் என்பதையும் எழுதிவிடு.

கொடுக்குமுன் ஒரு பிரதி எனக்கு அனுப்பு, எண்களைக் கூட்டிப் பார்த்துத் திருப்பி அனுப்புகிறேன். தைப்பொங்கலுக்கு வருவாய்தானே? அப்பா ஒவ்வொரு நாளும் கேட்கிறார்.

அன்புடன்,
இணுவிலான்