சந்தைக் கருதுகோள் கேள்விக்கான விடைக்குறிப்பைத் திருத்துங்கள்: முதுநிலை வணிகவியல் பாடத்திட்டக் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

முதலீட்டு மேலாண்மைத் தாளில் இந்தப் பருவமும் அந்தப் பத்து மதிப்பெண் கேள்வி வந்தது. கிடைக்கும் தகவல் எல்லாம் பங்கு விலையில் ஏற்கெனவே ஏறிவிட்டது என்னும் திறன்மிகு சந்தைக் கருதுகோளின் வீக், செமி-ஸ்ட்ராங், ஸ்ட்ராங் என்ற மூன்று வடிவங்களை விளக்கி, அதற்கு எதிரான சான்றுகளை ஆராயச் சொன்னீர்கள். விடைக்குறிப்பில் என்ன இருந்தது என்பது தங்களுக்குத் தெரியும். வடிவத்துக்கு மூன்றாக ஒன்பது மதிப்பெண், முடிவுரைக்கு ஒன்று. எதிரான சான்றுகளுக்கு ஒரு மதிப்பெண்கூட ஒதுக்கவில்லை. முடிவுரையில் எதிர்பார்க்கப்பட்ட கருத்து இது: ‘பெரும்பாலான மியூச்சுவல் ஃபண்டுகள் சந்தைக் குறியீட்டை மிஞ்சுவதில்லை, எனவே பங்கு விலை எப்போதும் சரியான மதிப்பையே காட்டுகிறது.’

என் வகுப்பு மாணவி ஒருவர் இந்தக் கேள்விக்கு எழுதிய விடையின் நகல் என் மேசைமேல் இருக்கிறது. பத்துக்கு மூன்று. மூன்று வடிவங்களையும் ஒரே பத்தியில் சொல்லிவிட்டு, மீதிப் பக்கங்கள் முழுவதும் அவர் ஒரே ஒரு சான்றை எடுத்துக் கணக்குப் போட்டிருக்கிறார். அந்தக் கணக்கின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. திருத்தியவரைக் குறை சொல்ல மாட்டேன். கையில் கொடுத்த குறிப்பின்படிதான் அவர் திருத்தியாக வேண்டும். குறை குறிப்பில் இருக்கிறது. அதைத் திருத்துங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

அந்த மாணவி எழுதியது த்ரீகாம் கணக்கு. தெரிந்ததுதான் என்று தாங்கள் நினைக்கலாம். ஆனாலும் அதை ஒருமுறை முழுதாகப் பாருங்கள்.

அமெரிக்காவின் த்ரீகாம் நிறுவனத்துக்குள்தான் பாம் பைலட் கையடக்கக் கருவியைச் செய்யும் பாம் நிறுவனம் இருந்தது. 2000 மார்ச் 2 அன்று பாம் பங்குகளில் சுமார் 5 சதவீதத்தை மட்டும் த்ரீகாம் ஐபிஓவில் விற்றது. மீதியை அந்த ஆண்டுக்குள் தன் பங்குதாரர்களுக்கே பிரித்துக் கொடுப்பதாக முன்கூட்டியே அறிவித்திருந்தது. ஒரு த்ரீகாம் பங்கு வைத்திருப்பவருக்குச் சுமார் ஒன்றரை பாம் பங்கு கிடைக்கும். ஐபிஓ விலை 38 டாலர். அன்று சந்தை மூடும்போது பாம் பங்கு 95.06 டாலரில் நின்றது. அப்படியென்றால் ஒரு த்ரீகாம் பங்குக்குள் இருக்கும் பாம் பங்குகளே 142 டாலருக்கு மேல் பெறும். த்ரீகாமுக்கு வேறு தொழில்களும் இருந்தன. பங்குக்குச் சுமார் 10 டாலர் என்ற அளவில் ரொக்கமும் இருந்தது. ஆக, அதன் பங்கு 142 டாலருக்கும் மேலே இருந்திருக்க வேண்டும். அன்று அது மூடிய விலையோ 81.81 டாலர்.

ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் த்ரீகாமின் மீதித் தொழில் மொத்தத்துக்கும் சந்தை வைத்த மதிப்பு பங்குக்கு மைனஸ் 60 டாலர். மொத்த நிறுவனத்துக்குப் பார்த்தால் மைனஸ் 20 பில்லியன் டாலருக்கும் கீழே. பங்குதாரரின் பொறுப்பு வரையறுக்கப்பட்டது என்பதால் எந்தப் பங்கின் மதிப்பும் பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாது. இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. எல்லா விவரமும் பொதுவெளியில் இருந்தது, மறுநாளே செய்தித்தாள்களும் எழுதின. பொதுவில் கிடைக்கும் தகவல் எல்லாம் விலையில் ஏறிவிட்டது என்பதுதானே செமி-ஸ்ட்ராங் வடிவம்? அப்படியிருந்தும் அந்த மைனஸ் மறைய ஏறக்குறைய இரண்டு மாதம் ஆனது.

ஏன் ஆனது என்பதையும் அந்த மாணவி எழுதியிருக்கிறார். இதைச் சரிசெய்து லாபம் பார்க்க வேண்டுமென்றால் த்ரீகாம் பங்கை வாங்கி, பாம் பங்கைக் கடன் வாங்கி விற்க வேண்டும். சந்தையில் இருந்ததோ சுமார் 5 சதவீத பாம் பங்குகள்தான். அவற்றில் கடனுக்குக் கிடைத்தது அதிலும் கொஞ்சம். பெரும்பாலானவர்களுக்குப் புரோக்கரிடம் கேட்டாலும் கிடைக்கவில்லை, கிடைத்தவர்களும் அதற்குக் கடுமையான கட்டணம் கொடுத்தார்கள். ஆப்ஷன் சந்தையிலும் இதே நெருக்கடி தெரிந்தது. பாம் பங்கைக் குறித்த விலைக்கு விற்கும் உரிமையான புட், அதே விலைக்கு வாங்கும் உரிமையான கால் ஆப்ஷனைவிட மிக அதிக விலைக்குப் போனது. நாள் ஆக ஆக, கடன் வாங்கி விற்ற பங்கை வாங்கியவரிடமிருந்து அதே பங்கே மறுபடி கடனாக வெளியே வந்தது. இப்படிச் சுற்றிச் சுற்றி, கடன் வாங்கி விற்கப்பட்ட பாம் பங்குகள் ஜூலையில் சந்தையில் புழங்கிய மொத்தப் பங்குகளைவிட அதிகமாகின. அந்த எண்ணிக்கை ஏற ஏறத்தான் முரண்பாடு சுருங்கியது. ஓவன் லமோன்ட்டும் ரிச்சர்ட் தேலரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதைப் படிப்படியாகக் காட்டுகிறது.

இப்போது விடைக்குறிப்பின் அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். அதில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் ஒன்றாகக் கலக்கப்பட்டிருக்கின்றன. விலை சரியா என்பது ஒன்று. அந்த விலையைப் பயன்படுத்திச் சிரமமில்லாமல் லாபம் பார்க்க முடியுமா என்பது இன்னொன்று. த்ரீகாமில் விலை அப்பட்டமாகத் தவறாக இருந்தது, ஆனாலும் சுலபமான லாபம் யாருக்கும் கிடைக்கவில்லை. ஃபண்டு மேலாளர்கள் குறியீட்டை மிஞ்சுவதில்லை என்பது இரண்டாவது கேள்விக்குத்தான் விடை. மைக்கேல் ஜென்சன் 1968-இல் 115 ஃபண்டுகளை வைத்துக் காட்டியதும் அதைத்தான். அதிலிருந்து ‘எனவே விலை எப்போதும் சரி’ என்று தாவ எந்த ஆதாரமும் இல்லை. அந்தத் தாவலை எழுதியவருக்கு முழு மதிப்பெண்ணும், அது ஏன் தவறு என்று கணக்குப் போட்டுக் காட்டியவருக்கு மூன்று மதிப்பெண்ணும் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சான்றைத் தேர்ந்தெடுத்த விதத்திலும் அந்த மாணவியின் கூர்மை தெரிகிறது. வழிகாட்டி நூல்கள் தரும் சான்றுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு சிக்கல் உண்டு. வீக் வடிவத்துக்கு எதிராக அதிகம் சொல்லப்படுவது ஜெகதீஷும் டிட்மனும் 1993-இல் காட்டிய மொமென்டம். முந்தைய சில மாதங்களில் ஏறிய பங்குகளை வாங்கி, இறங்கியவற்றை விற்றால், அமெரிக்கச் சந்தையில் மாதத்துக்குச் சுமார் 1 சதவீதம் கூடுதல் வருமானம் வந்திருக்கிறது. கடந்தகால விலையே வருங்காலத்தைக் கொஞ்சம் சொல்கிறது என்பது வீக் வடிவத்துக்கு நேர் எதிரானது. ஆனால் ‘கூடுதல்’ என்று சொல்ல, எவ்வளவு வந்திருக்க வேண்டும் என்று முதலில் சொல்லியாக வேண்டும். அதற்கு ரிஸ்க்கை அளக்கும் ஒரு மாதிரி தேவை. மாதிரி தவறா, சந்தை தவறா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இந்த இரட்டைக் கருதுகோள் சிக்கலை இந்தக் கருதுகோளின் முதன்மை ஆய்வாளரான யூஜின் ஃபாமாவே 1970-இல் எழுதிவிட்டார். த்ரீகாம் கணக்கில் அந்தச் சிக்கல் எழவே இல்லை. அதற்கு எந்த ரிஸ்க் மாதிரியும் வேண்டாம், பெருக்கலும் கழித்தலும் போதும். இதுவும் விடைத்தாளில் இருக்கிறது. அதன் மேலும் கோடு.

ஸ்ட்ராங் வடிவத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. உள்தகவலை வைத்து யாராலும் லாபம் பார்க்க முடியாது என்றால், உள்தகவல் வணிகத்தைத் தடுக்க செபி 2015-இல் தனி விதிமுறை கொண்டுவந்திருக்க வேண்டியதே இல்லை. இந்த வடிவம் அப்படியே உண்மையாக இருக்கும் என்று ஃபாமாவும் எதிர்பார்க்கவில்லை. மற்ற வடிவங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் எல்லையாகத்தான் அதை வைத்தார். விடைக்குறிப்பு அதையும் நிரூபிக்கப்பட்ட உண்மை என்கிறது.

த்ரீகாம் ஒரு விதிவிலக்கு, அதை வைத்துக் கருதுகோளையே தள்ளிவிட முடியுமா என்று உறுப்பினர் யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு நிகழ்வை வைத்துச் சந்தை முழுதும் தவறு என்று சொல்ல முடியாது, மாணவியும் அப்படிச் சொல்லவில்லை. இவ்வளவு எளிய கணக்கையே சந்தை இரண்டு மாதம் தவறாக வைத்திருந்தது என்றால், கணக்குப் போட முடியாத இடங்களில் விலை சரியாகவே இருக்கும் என்று எந்த நம்பிக்கையில் சொல்வது என்பதுதான் அவருடைய கேள்வி. அதற்கு எதிராக ஒருவர் வாதம் வைத்திருந்தால் அதற்கும் மதிப்பெண் தந்திருக்கலாம். 2013-இல் நோபல் குழு ஃபாமாவுக்கும், சந்தை விலைகள் அளவுக்கு மீறி ஆடுகின்றன என்று வாதிட்ட ராபர்ட் ஷில்லருக்கும், லார்ஸ் பீட்டர் ஹான்சனுக்கும் பரிசைப் பகிர்ந்து கொடுத்தது. அங்கே விவாதம் இன்னும் நடக்கிறது. நம் தேர்வறையில் மட்டும் அது முடிந்துபோன விஷயம்.

இந்த ஒரு கேள்வியோடு நிற்கும் குறையாக இருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். ‘ஆராய்க’ என்று கேட்டுவிட்டு ‘விளக்குக’ என்பதற்கு மதிப்பெண் போடுவது பல தாள்களில் வழக்கமாகிவிட்டது. அதனால் பிள்ளைகள் ஆராய்வதை விட்டுவிட்டார்கள். குறிப்பில் வரும் சொற்களை அடிக்கோடிட்டு எழுதினால் போதும் என்று மூத்த மாணவர்களே இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். விடைத்தாள் நகலுக்கு ஒரு கட்டணம், மறுமதிப்பீட்டுக்கு இன்னொரு கட்டணம். இரண்டையும் கட்டினாலும் அடுத்த பேராசிரியரும் அதே குறிப்பை வைத்துத்தான் திருத்துவார். மகளுக்காக அந்தப் பணத்தைப் புரட்டிய குடும்பத்துக்கு நான் என்ன பதில் சொல்வது? ஆத்திரத்தில் எழுதுகிறேன் என்று தோன்றினால் பொறுத்தருளுங்கள். ஆத்திரம் இருப்பது உண்மைதான்.

தங்களிடம் நான் பணிவோடு கேட்பது ஒன்றே. இந்தக் கேள்விக்கான விடைக்குறிப்பைத் திருத்துங்கள். ‘எனவே விலை எப்போதும் சரி’ என்ற முடிவுரையை எடுத்துவிட்டு, வடிவங்களுக்கு ஐந்து, சான்றுக்கு ஐந்து என்று பிரியுங்கள். எந்தச் சான்று என்று கட்டாயப்படுத்த வேண்டாம். அது எந்த வடிவத்தைத் தொடுகிறது, எவ்வளவு தூரம் நிற்கும் என்று மாணவர் சொல்லியிருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். அதன்படி இந்தப் பருவத்து விடைத்தாள்களில் இந்த ஒரு கேள்வியை மட்டும் மீண்டும் திருத்த உத்தரவிடுங்கள்.

மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளுக்குள் இந்த அறிவிப்பு வந்துவிட்டால் மாணவர்கள் இரண்டாவது கட்டணத்தைக் கட்ட வேண்டியிருக்காது. அதற்குள் தங்கள் குழு ஒருமுறை கூடிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அழைத்தால் அந்த விடைத்தாளின் நகலோடு நேரில் வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
இணைவுக் கல்லூரி ஒன்றின் வணிகவியல் ஆசிரியர்