மேட்டு ஓட்டத்துக்கு ஓர் அளவு வேண்டும்: செயலவைக்கும் பயிற்றுநருக்கும்

மதிப்பிற்குரிய நம் கால்பந்துக் குழுச் செயலவையினருக்கும் பயிற்றுநர் அண்ணனுக்கும் வணக்கம்.

போன வியாழன் மாலை புக்கிட் டம்பார் மேட்டில் நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட் முடித்து, நாலு மணி நேரம் மட்டும் தூங்கி வந்த தம்பி, பதினான்காவது ஓட்டத்தில் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு சாலையிலேயே உட்கார்ந்துவிட்டான். இப்போது வீட்டுப் படிக்கட்டில் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்குகிறான். வேலைக்கும் போக முடியவில்லை.

அன்று நேரம் பிடித்தவன் நான். 30 மீட்டருக்கு அவனுடைய முதல் ஓட்டம் 5.2 வினாடி, ஆறாவது 5.4, எட்டாவது 5.7, பன்னிரண்டாவது 6.3. கையால் நேரம் பிடித்தால் கொஞ்சம் முன்னேபின்னே வரும். ஒரு வினாடிக்கு மேல் வராது. அப்போதே சொன்னேன். "மனசுல தெம்பு இல்லை, ஓடட்டும்" என்றீர்கள். இருபது ஓட்டம், நடுவில் அரை நிமிட ஓய்வு. செவ்வாய்க்கிழமையும் இதேதான்.

மேட்டை நான் குறை சொல்லவில்லை. மிதமான சரிவு உடம்பைத் தானாகவே முன்னால் சாய்த்து, தரையை ஊன்றித் தள்ள வைக்கும். பந்தைத் துரத்தும் முதல் பத்து மீட்டருக்கு வேண்டியது அதுதான். முழு வேகம் வராததால், சமதளத்தைவிடப் பின்தொடை இழுபடுவதும் குறைவு. ஆனால் களைத்த காலுக்கு அந்தப் பாதுகாப்பு நிற்காது. வேகம் விழுந்தபின் ஓடும் ஒவ்வொரு ஓட்டமும் மெதுவாக ஓடத்தான் பழக்கும். இறங்கும்போதும் ஓடி வரச் சொன்னீர்கள். இறக்கத்தில் முன்தொடைத் தசை நீண்டபடியே எடையைத் தாங்கும். இரண்டு நாள் வலி அங்கிருந்துதான் வருகிறது.

தயவுசெய்து ஓட்டத்துக்கு ஓர் அளவு வையுங்கள். 25 மீட்டரில் எட்டு ஓட்டம், மொத்தம் 200 மீட்டர் போதும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டரை நிமிடம், இறங்குவது நடந்தே. முதல் நேரத்தைவிட 5 விழுக்காடு கூடினால் அவனுக்கு அன்றைக்கு முடிந்தது. அந்தக் கணக்கில் தம்பி எட்டாவதிலேயே நின்றிருப்பான்.

அப்புறம், ஞாயிறு ஆட்டத்துக்கும் மேட்டுக்கும் நடுவில் 48 மணி நேரமாவது வேண்டும். செவ்வாயன்று மேடு, வியாழனன்று பந்தோடு பயிற்சியும் மூன்று நான்கு சின்ன ஓட்டமும் போதும். செவ்வாயன்றும் தொடை வலிப்பவனை அன்று விட்டுவிடுங்கள்.

புது ஜெர்சிக்கு இரண்டு கூட்டம் போட்டோம். அடிபட்டவனின் மருந்துச் செலவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தாமதமாக வந்தவனுக்குத் தண்டனையும் ஓட்டம்தான், தோற்றதற்கும் ஓட்டம்தான். வேலை முடிந்து வருகிற பிள்ளைகள் இவர்கள், அண்ணே.

கோபத்தில் ஏதும் கூடுதலாகச் சொல்லியிருந்தால் மன்னியுங்கள். வரும் செவ்வாய்க்கு முன் அந்த அளவை முடிவு செய்து எல்லாருக்கும் சொல்லுங்கள். நேரம் பிடிக்க நான் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் தற்காப்பு ஆட்டக்காரன்