எது கிடைத்தால் தவறென்று ஒப்புக்கொள்வீர்கள்? மாணவர் கருத்தரங்கின் ஏற்பாட்டுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். சென்ற மாதம் சமூக மன்றத்தில் நீங்கள் நடத்திய மாணவர் கருத்தரங்கில் நடந்ததை நீங்களே அறிவீர்கள் என்பதால் முழுவதையும் திரும்ப எழுதப் போவதில்லை. “குமரிக்கண்டம்: அறிவியல் மெய்ப்பித்த உண்மை” என்று திரையில் தலைப்பிட்டுப் பேசியவரிடம், உயர்நிலை மூன்றில் படிக்கும் மாணவி ஒருவர், “ஐயா, கடலடியில் எது கிடைத்தால், அல்லது எது கிடைக்காமல் போனால், இந்தக் கருத்து தவறென்று ஒப்புக்கொள்வீர்கள்?” என்று கேட்டார். “ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால் கடல் முழுவதையும் கொண்டுவிட்டது என்று பொருள், நாளை ஏதாவது கிடைத்தால் அதுவும் சான்றுதான்” என்று பதில் வந்தது. அந்த மாணவி அடுத்துப் பேச வாயெடுப்பதற்குள் நெறியாளர் ஒலிவாங்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, “தமிழ்ப்பிள்ளை இப்படிக் கேட்கலாமா?” என்றார். அரங்கம் கைதட்டியது. குறிப்பெடுத்து வந்திருந்த தாளை மடித்து மடித்து விரல்நுனி அளவாக்கிய அந்தப் பிள்ளை, நிகழ்ச்சி முடியும்வரை தலை நிமிரவில்லை.

அந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் தர வேண்டும் என்பதும், இனி உங்கள் மேடையில் ஒரு கருத்தை ‘அறிவியல்’ என்று அறிவிப்பவர் எந்தக் கண்டுபிடிப்பு அதைப் பொய்யாக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதுமே என் வேண்டுகோள். அந்த மாணவி கேட்டது, அறிவியல் மெய்யியலாளர் கார்ல் பாப்பர் 1934இல் வியன்னாவில் எழுதி வெளியிட்ட நூலின் மையக் கேள்வி. எது நடந்தாலும் பொருந்திப்போகும் கூற்று உலகைப் பற்றி எதையும் சொல்லவில்லை. இன்னது நடக்கக் கூடாது என்று துணிந்து தடைவிதிக்கும் கூற்றையே சோதித்துப் பார்க்க முடியும் என்றார் அவர்.

குமரிக்கண்டத்தோடு இணைத்துப் பேசப்படும் இலெமூரியா என்ற கருத்தே அப்படித் துணிந்து சொல்லப்பட்டதுதான் என்பதை உங்கள் பேச்சாளர் சொல்லாமல் விட்டார். மடகாசுகரில் நிறைந்திருக்கும் இலெமூர் விலங்குகளுக்கு உறவானவை இந்தியாவிலும் இருக்கின்றனவே, இடையில் இத்தனை பெரிய கடல் எப்படி வந்தது என்ற சிக்கலை விளக்க, 1864இல் பிலிப் இசுகிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் அங்கே ஒரு கண்டம் இருந்து மறைந்தது என்றார். அது நல்ல அறிவியல் ஊகம். ஏனென்றால் அது தோற்கக்கூடியது. கண்டம் மூழ்கியிருந்தால் அதன் பாறையும் அங்கேயே கிடக்க வேண்டும். கண்டத்தின் மேலோடு கருங்கல் வகைப் பாறைகளால் ஆனது, முப்பது நாற்பது கிலோமீட்டர் தடிமன் கொண்டது. பெருங்கடலின் மேலோடோ ஏறத்தாழ ஏழு கிலோமீட்டரே தடிமனுள்ள, அடர்த்தி மிகுந்த எரிமலைப் பாறை. நிலநடுக்க அலைகள் இரண்டிலும் வெவ்வேறு விதமாகச் செல்வதால் எது எங்கே இருக்கிறது என்பதைத் தோண்டாமலே அறியலாம். பல இடங்களில் தோண்டியும் பார்த்துவிட்டார்கள். இந்தியாவிலிருந்து மடகாசுகர் வரை நீளும் கண்டம் அங்கே இல்லை. இந்தியாவும் மடகாசுகரும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்து, ஏறக்குறைய ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்து நகர்ந்தன என்பதே இன்றைய விளக்கம். சோதனைக்கு நின்று தோற்ற இசுகிளேட்டரின் ஊகத்தில் இழிவு எதுவும் இல்லை.

மொரிசியசுத் தீவில் கிடைத்த சிர்க்கான் மணிகளை உங்கள் பேச்சாளர் பெருமையோடு காட்டினார். அவை உண்மையானவை. தீவின் எரிமலைப் பாறைகளைவிட மிகப் பழைய அந்தப் படிகங்களைப் பற்றிய ஆய்வு 2013இல் வெளிவந்தது. கடலடியில் பழைய கண்டமொன்றின் துணுக்குகள் புதைந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆனால் அந்தத் துணுக்குகள் பிரிந்தது பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு. மனித இனம் தோன்றியோ ஏறத்தாழ மூன்று இலட்சம் ஆண்டுகள்தாம் ஆகின்றன. அங்கே சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்தவர் யார்? ஒரு சான்றை எடுத்துக்கொள்பவர் அதன் காலத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும். மணியை வைத்துக்கொண்டு வயதை எறிந்துவிட முடியாது.

கடல்கோள் என்பதே பொய் என்று நான் சொல்லவில்லை. பஃறுளியாற்றையும் குமரிக்கோடு என்ற மலையையும் கடல் கொண்டதைச் சிலப்பதிகாரம் பாடுகிறது. அதை இலக்கியமாக, ஒரு மக்களின் நினைவாகப் படிப்பதற்கு எவருடைய சான்றும் தேவையில்லை. அதையே அறிவியலாக்க விரும்பினாலும் நேர்மையான வழி இருக்கிறது. ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது நாம் வாழும் இந்தச் சிங்கப்பூரே தீவாக இல்லை. சுமத்திரா, சாவா, போர்னியோவுடன் ஒரே நிலமாக இருந்தது. அது உண்மையானால் கடலடியில் ஆற்றுப் பள்ளத்தாக்குகளும் சதுப்புநில மண்ணும் இருக்க வேண்டுமே என்று தேடினார்கள், இருந்தன. இல்லாமலும் போயிருக்கலாம்; அதனால்தான் அந்தக் கண்டுபிடிப்புக்கு மதிப்பு. குமரிமுனைக்குத் தெற்கே ஆழம் குறைந்த கண்டத்திட்டின் ஒரு பகுதியும் அதுபோல நீருக்குள் போனது என்று ஒருவர் சொன்னால், எந்த ஆழத்தில், எந்தக் காலத்து மண்ணும் மனிதத் தடயமும் இருக்க வேண்டும் என்று கேட்கலாம், போய்த் தேடலாம், இல்லையென்றால் கைவிடலாம். சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்கு நல்லார் எழுதிய உரை கடல் கொண்டதாகக் கூறும் எழுநூறு காவத நிலத்தையும் நாற்பத்தொன்பது நாடுகளையும் அந்தத் திட்டுக்குள் அடக்க முடியாது என்பதையும் அப்போது ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அந்த விலையைக் கொடுக்க மறுக்கும்போதுதான் ‘கிடைக்காததும் சான்று’ என்ற பேச்சு வருகிறது.

ஒரு தேடல் வெறுங்கையோடு திரும்பியவுடனே கருத்தைத் தூக்கியெறிய வேண்டும் என்பதில்லை. தேடிய இடமோ கருவியோ தவறாக இருக்கலாம். அப்படியானால் புதிதாக எங்கே தேடலாம் என்பதைச் சொல்ல வேண்டும். உங்கள் மேடையில் சொல்லப்பட்ட பதில் தேடுவதற்கு இடமே வைக்கவில்லை. கிடைத்தாலும் வெற்றி, கிடைக்காவிட்டாலும் வெற்றி என்றால், கிடைப்பதால் அந்த வாதத்துக்கு எந்த வலுவும் கூடவில்லை. நாளை உண்மையாகவே ஒரு பொருள் அகப்பட்டாலும் அதைச் சான்றென்று நீட்டும் தகுதியை வாதம் முன்பே இழந்துவிட்டது.

எனக்குச் சினம் வருவது இங்கேதான். கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரியை அமெரிக்க ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினார்கள், கி.மு. 580 என்று முடிவு வந்ததைத் தமிழகத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்டது. அந்த எண் ஆயிரம் ஆண்டு பிந்தியதாகவும் வந்திருக்கலாம் என்ற நிலையில் துணிந்து அனுப்பினார்கள், அதனால்தான் அதைத் தமிழரல்லாதவர் முன்னும் வைத்துப் பேச முடிகிறது. அதே அரங்கில், அதே மூச்சில், எதனாலும் பொய்யாக்க முடியாத ஒன்றையும் ‘அறிவியல் மெய்ப்பித்தது’ என்று நீங்கள் அறிவிக்கும்போது, கேட்கும் பிள்ளைகள் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறார்கள். நாளை வகுப்பில் ஒன்று உடைந்தால் மற்றதையும் சேர்த்தே சந்தேகிப்பார்கள். மண்ணில் குனிந்து உழைத்தவர்களின் உழைப்புக்கு நாம் செய்யும் கைம்மாறு இதுவா?

குழுவில் பலர் எனக்கு மூத்தவர்கள்; ஊதியம் எதிர்பாராமல் இந்த விழாக்களை நடத்துகிறவர்கள். கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டும். ஆயினும் வேண்டுகோளை மாற்றிக்கொள்ள மாட்டேன். அந்த மாணவியின் கேள்விக்குப் பேச்சாளரிடமிருந்து எழுத்தில் பதில் பெற்று, வந்திருந்த மாணவர் அனைவருக்கும் அனுப்பி வையுங்கள். அவரைக் கேட்கவிடாமல் தடுத்ததற்கு நெறியாளர் வருத்தம் தெரிவிக்கட்டும். அடுத்த கருத்தரங்கின் அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன், பேச்சாளர்களுக்கு அனுப்பும் படிவத்தில், “உங்கள் கருத்தை எந்தச் சான்று பொய்யாக்கும்?” என்ற ஒரு வரியைச் சேர்த்து, அதை நிரப்பாதவரின் தலைப்பிலிருந்து ‘அறிவியல்’ என்ற சொல்லை நீக்கிவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கருத்தரங்குக்குத் தம் மாணவர்களை அழைத்து வந்திருந்த அறிவியல் ஆசிரியர் ஒருவர்,
சிங்கப்பூர்