சமன்பாடு இல்லாமல் ஒரு வரைபடம் கொடுங்கள்

பதினொன்றாம் வகுப்புக்கு வகைநுண்கணிதம் நடத்தும் ஆசிரியர்களுக்கும், அதற்கு வினாத்தாள் எழுதுவோருக்கும்,

வணக்கம். நானும் உங்களைப் போல் கரும்பலகை முன் நிற்பவன்தான். x³ − 3x என்று எழுதிப் போட்டால் என் வகுப்பில் அநேகமாக எல்லாரும் 3x² − 3 என்று வகையிட்டுவிடுகிறார்கள். அதே சார்பின் வளைகோட்டை மட்டும் வரைந்து, சமன்பாட்டைச் சொல்லாமல், "இதன் வகைக்கெழு எப்படி இருக்கும், வரையுங்கள்" என்றேன். பாதிப் பேர் அந்த வளைகோட்டையே கொஞ்சம் நகர்த்தி மறுபடியும் வரைந்திருந்தார்கள். கோடு x அச்சுக்குக் கீழே போன இடத்திலெல்லாம் வகைக்கெழுவையும் கீழே கொண்டுபோயிருந்தார்கள். உயரத்தைப் பார்த்தார்களே ஒழிய, சாய்வைப் பார்க்கவில்லை.

அதே வளைகோட்டிலேயே இதற்கு மருந்து இருக்கிறது. x = −2 என்ற இடத்தில் அதன் உயரம் −2. x = 1 என்ற இடத்திலும் உயரம் −2தான். இரண்டு இடத்திலும் தொடுகோடாக ஸ்கேலை வைக்கச் சொல்லுங்கள். முதல் இடத்தில் ஸ்கேல் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும். அங்கே சாய்வு 9. இரண்டாவது இடம் பள்ளத்தின் அடி. ஸ்கேல் படுத்துவிடும், சாய்வு 0. உயரம் ஒன்றாக இருந்தும் வகைக்கெழு வேறு என்பதைக் கண்ணால் பார்த்த பிள்ளை மறுபடி அந்தத் தவறைச் செய்வது அபூர்வம். பிறகு ஸ்கேலை இடமிருந்து வலமாக நகர்த்தி, வலப்பக்கம் ஒரு கட்டம் போனால் எத்தனை கட்டம் ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்று எண்ணி, கீழே தனி அச்சில் குறித்தால் போதும். −1-லும் 1-லும் பூச்சியம், நடுவே 0-இல் −3, இரு ஓரத்திலும் 9. பரவளையம் தானாக வந்து நிற்கும்.

திரும்பி வரும் வழிதான் கடினம். என்னிடம் கேட்டால், அதிக நேரம் அதற்கே வேண்டும். வகைக்கெழுவின் வரைபடத்தை மட்டும் கொடுங்கள்: 0-க்கு இடப்புறம் அச்சுக்குக் கீழே இருக்கிறது, 0-இல் அச்சை வெட்டி மேலே வருகிறது, 2/3 அருகே உச்சத்தைத் தொட்டு இறங்குகிறது, 2-இல் அச்சைத் தொட்டுவிட்டு மறுபடி மேலேயே போகிறது. (உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், இது x(x − 2)².) இப்போது மூலச் சார்பை வரையச் சொன்னால், 0-இல் பள்ளத்தைச் சரியாகப் போடுவார்கள். 2-இல் ஒரு மலையுச்சியையும் போட்டுவிடுவார்கள். "வகைக்கெழு பூச்சியம் என்றால் பெருமம் அல்லது சிறுமம்" என்று நாம் அவசரத்தில் சொல்லிவைத்த வாக்கியம்தான் அங்கே வந்து நிற்கிறது. 2-க்கு முன்னும் பின்னும் வகைக்கெழு மிகை எண்ணாகவே இருக்கிறது. ஆகவே சார்பு ஏறிக்கொண்டே வந்து, அந்தப் புள்ளியில் மட்டும் தட்டையாகி, மீண்டும் ஏறுகிறது. அச்சைத் தொடுவதும் வெட்டுவதும் வேறு வேறு என்பதை இங்கேதான் அழுத்திச் சொல்ல வேண்டும்.

2/3-இல் இருக்கும் அந்த உச்சத்தையும் பலர் சார்பின் உச்சமாகவே வரைகிறார்கள். உண்மையில் அங்கே சார்பு மிக வேகமாக ஏறுகிறது. அதுவரை செங்குத்தாகிக்கொண்டே வந்த கோடு, அதன் பிறகு படுக்கத் தொடங்குகிறது. வளைவு மாறும் புள்ளி அது.

எவ்வளவு ஏறுகிறது என்று கேட்டால், 0-இலிருந்து 2 வரை வகைக்கெழுக் கோட்டுக்கும் அச்சுக்கும் இடைப்பட்ட கட்டங்களை எண்ணச் சொல்லுங்கள். பரப்பு 4/3. சார்பின் ஏற்றமும் அவ்வளவே. தொகையிடல் பாடம் வருவதற்கு முன்பே இதைச் செய்து காட்டலாம், நான் செய்கிறேன். ஆனால் பள்ளத்தின் அடி எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை வகைக்கெழு சொல்லவே சொல்லாது. ஒரு பிள்ளை −1-இல் தொடங்கியிருப்பாள், பக்கத்தில் இருப்பவன் 5-இல் தொடங்கியிருப்பான். வடிவம் ஒன்றென்றால் இரண்டும் சரி. தொகையிடலில் வரும் அந்த "+ c" இதுதான் என்று அப்போது சொன்னால் மறக்கமாட்டார்கள்.

வினாத்தாள் எழுதுவோரிடம் ஒரு வேண்டுகோள். சமன்பாடு எழுதாத ஒரு வளைகோட்டை அச்சிட்டு, ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு வினா வையுங்கள். கோடு அழகாக இருக்கிறதா, உயரம் அச்சாகப் பொருந்துகிறதா என்று திருத்த வேண்டாம். எங்கே பூச்சியம், எங்கே மிகை, எங்கே குறை, எங்கே மிகச் செங்குத்து என்பவை சரியாக இருந்தால் நான்கு மதிப்பெண் கொடுங்கள். "2-இல் ஏன் உச்சி இல்லை?" என்ற கேள்விக்கு ஒரே வரியில் எழுதும் பதிலுக்கு ஐந்தாவது மதிப்பெண்ணை வைத்திருங்கள்.

இப்படிக்கு,
ஒரு மேல்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர்